வார்டு டூட்டி ரோஸ்டர் போடுவது எப்படி? நைட், லீவு, அனுபவக் கலவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் மேலாண்மைப் பாடத்தில் ரோஸ்டர் பயிற்சி எழுதும் மாணவர்களும், முதன்முறையாக வார்டு பொறுப்பேற்றவர்களும் கேட்பவை இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்டைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 30 படுக்கைகள் கொண்ட ஆண்கள் பொது மருத்துவ வார்டு. 12 செவிலியர்கள். அவர்களுக்கு மேல் ஒரு வார்டு இன்சார்ஜ் இருக்கிறார். அவரை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. காலை டூட்டி 7 முதல் 2 மணி வரை, மதிய டூட்டி 1.30 முதல் 8 வரை, நைட் 7.30 முதல் மறுநாள் காலை 7.30 வரை. ஒவ்வொரு மாற்றத்திலும் அரை மணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது ஹேண்டோவருக்காக.

பெயர்களை எழுதி கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தேன். மூன்றாவது வாரத்தில் எல்லாம் இடிக்கிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கட்டத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கையில் எத்தனை ஆள்-நாள் இருக்கிறது, எத்தனை தேவை என்று தெரியாமல் நிரப்பினால் முதல் இரண்டு வாரம் தாராளமாகப் போகும், பிறகு கடன் கழுத்தை நெரிக்கும்.

காலைக்கு 4 பேர், மதியத்துக்கு 3 பேர், நைட்டுக்கு 2 பேர் என்று வைப்போம். ஞாயிறு காலை மட்டும் 3 பேர் போதும். அன்று பரிசோதனைகளும் புதிய அட்மிஷனும் குறைவு. ரோஸ்டர் நான்கு வாரத்துக்கு.

12 பேர், 28 நாள்: 336 ஆள்-நாள். இதில் நைட் எவ்வளவு விழுங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நைட்டை நான்கு நான்கு இரவாகப் பிரித்தால் 28 நாளில் ஏழு தொகுதி, ஒவ்வொன்றிலும் இருவர், ஆக 14 நைட் முறை. ஒரு முறை என்பது நான்கு இரவு மட்டுமல்ல. ஐந்தாம் நாள் காலை 7.30க்கு இறங்கித் தூங்கும் நாள், அதற்குப் பின் இரண்டு நாள் நைட் ஆஃப். மொத்தம் ஏழு நாள். 14 முறைக்கு 98 ஆள்-நாள் போய்விடும். மீதி 238.

அடுத்தது வார ஓய்வு. ஒரே ஒரு நைட் முறை செய்பவருக்கு மற்ற மூன்று வாரத்துக்கு மூன்று ஓய்வு. இரண்டு முறை செய்பவருக்கு இரண்டு. நைட்டே இல்லாதவருக்கு நான்கு. எங்கள் வார்டில் ஒருவர் கர்ப்பிணி என்பதால் நைட் இல்லை. மற்ற 11 பேரில் எட்டுப் பேர் ஒரு முறையும் மூன்று பேர் இரண்டு முறையும் செய்தால் 14 வரும். அப்படியானால் ஓய்வு 24, 6, 4, ஆக 34 நாள். 238இல் இதைக் கழித்தால் 204.

பகல் தேவை: நாளொன்றுக்கு ஏழு வீதம் 196, நான்கு ஞாயிறுக்கு ஒவ்வொன்று குறைத்தால் 192.

204இல் 192 போக எஞ்சுவது 12. நான்கு வாரம் முழுக்க, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, திடீர்க் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் உங்களிடம் உள்ளது அந்த 12 நாள்தான். இந்த எண் தெரிந்துவிட்டால் ரோஸ்டரில் பாதி வேலை முடிந்தது. லீவு கேட்டு வருபவரிடம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் குறையும்.

புத்தகத்தில் 1:3, 1:5 என்று விகிதம் இருக்கிறதே, அதை வைத்து எண்ணிக்கை எழுதினால் போதாதா?

பதவி இடங்கள் எத்தனை வேண்டும் என்று கேட்கும்போது அது உதவும். பாடநூல்களில் வரும் இந்திய நர்சிங் கவுன்சில் விகிதப்படி, பயிற்சி மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், அதன்மேல் 30 சதவீதம் விடுப்பு இருப்பு. 30 படுக்கைக்கு 10 பேர், இருப்பு 3, ஆக 13. நம் வார்டு ஒருவர் குறைவாக ஓடுகிறது. அவ்வளவுதான் அந்த விகிதம் சொல்லும். செவ்வாய்க்கிழமை இரவு யார் என்பதை அது சொல்லாது. அசைன்மென்டில் விகிதத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, மேலே உள்ளது போன்ற ஆள்-நாள் கணக்கைக் காட்டுங்கள். பார்ப்பவருக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

நைட்டை ஏன் நான்காகப் பிரிக்க வேண்டும்? எங்கள் மருத்துவமனையில் ஏழு, சில இடங்களில் பதினைந்து நாள்கூடத் தொடர்ந்து போடுகிறார்களே.

போடுகிறார்கள். அட்டவணை எழுதுவது சுலபம் என்பதுதான் முக்கியக் காரணம். 12 மணி நேர நைட் ஏழு தொடர்ந்தால் ஒரு வாரத்தில் 84 மணி நேரம். பகலில் தூக்கம் இரவுத் தூக்கம்போல நீளாது. வீட்டில் பால்காரர், குழந்தை, கேஸ் சிலிண்டர் என்று யாராவது எழுப்புவார்கள். கடன் இரவுக்கு இரவு ஏறும். விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை உடல் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். அதே நேரத்தில்தான் ஆறு மணி ஊசிக்கான மருந்து ஏற்றுவதும், ரத்த மாதிரி எடுப்பதும், உட்கொண்டது வெளியேறியது கணக்கை மூடுவதும் தொடங்கும். ஆறாவது இரவில் இன்சுலின் அளவைப் படிக்கும் கண்ணும் முதல் இரவின் கண்ணும் ஒன்றல்ல.

நான்கு இரவு என்றால் 48 மணி நேரம். ஆறு நாள் காலை டூட்டி 42 மணி, மதிய டூட்டி 39 மணி. கூடுதலாக உழைத்ததற்கு இரண்டு நாள் ஆஃப் நியாயமான ஈடு.

எதிர்வாதமும் உண்டு. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் சிலர், ஒரே மூச்சில் நைட்டை முடித்துவிட்டு ஊருக்குப் போவதையே விரும்புகிறார்கள். அவர்கள் கேட்டால் ஐந்து வரை நீட்டலாம். அதற்குமேல் விருப்பம் என்ற பெயரில்கூட நான் கொடுக்கமாட்டேன். ஆபத்து படுக்கையில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இறங்கும் நாளை ஓய்வு நாளாக எழுதாதீர்கள். காலை 7.30 வரை நோயாளி அருகில் நின்றவருக்கு அந்த நாள் "ஆஃப்" என்று எழுதுவது ரோஸ்டர்களில் நடக்கும் மிகப் பழைய கள்ளக்கணக்கு. அதற்குத் தனிக் குறியீடு வையுங்கள். கீழேயுள்ள அட்டவணையில் "தூ" என்று இருப்பது அதுதான்.

லீவு கேட்பவர்கள் எல்லோரும் நியாயமான காரணம்தான் சொல்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

காரணத்தை எடைபோடுவதில் இறங்கினால் மீள முடியாது. ஒருவரின் அண்ணன் திருமணம் பெரிதா, இன்னொருவரின் மாமியார் கண் அறுவைச் சிகிச்சை பெரிதா என்று தீர்ப்புச் சொல்ல இன்சார்ஜ் யார்? தேதி நகருமா நகராதா என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் கணக்கில் 2026 ஜனவரி 5 திங்கள் முதல் பிப்ரவரி 1 ஞாயிறு வரை ரோஸ்டர். பொங்கல் நடுவில் வருகிறது. 15, 16 தேதிகளில் வார்டு பாதி காலியாகும் என்பதால் காலை டூட்டியை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்க நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. அதனால் 12 நாள் 14 ஆனது. அதில் 4 நாளைத் திடீர் விடுப்புக்கு ஒதுக்கினால் கொடுக்க முடிந்தது 10. கேட்டதோ 17: ஒருவருக்கு ஸ்கேன் 1 நாள், ஒருவருக்கு ஊரில் புதுமனை புகுவிழா 4 நாள், ஒருவருக்கு அண்ணன் திருமணம் 7 நாள், ஒருவர் பிள்ளைகளுடன் எங்காவது போய்வர 3 நாள், இன்னொருவர் "வீட்டில் கொஞ்சம் வேலை" என்று 2 நாள்.

முதல் மூன்றும் தேதி நகராதவை. ஸ்கேனுக்கு 1, புதுமனைக்கு 4, திருமணத்துக்கு 5. திருமணக்காரர் வார ஓய்வையும் சேர்த்து ஆறு நாள் ஊரில் இருக்கலாம். 10 முடிந்தது. பிள்ளைகளுடன் போகிறவருக்கு அடுத்த ரோஸ்டரில் முதலிடம் என்று தேதியுடன் எழுதிக் கொடுக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பக் கூடாது. வீட்டில் வேலை என்றவருக்கு லீவே தேவைப்படவில்லை. அவருடைய நைட் முறைக்குப் பின்வரும் இரண்டு ஆஃபை அந்த வேலைக்கு ஏற்ற நாளில் வைத்தால் போதும்.

மொத்தக் கணக்கைவிட நாள் கணக்கு இறுக்கமானது என்பதையும் கவனியுங்கள். எந்த நாளிலும் இருவர் நைட்டில் இருப்பார்கள். பெரும்பாலான நாளில் இருவர் நைட் முடிந்த ஓய்வில் இருப்பார்கள். மீதி எட்டுப் பேரில் ஏழு பேர் பகலுக்கு வேண்டும். ஆக, நான்கில் மூன்று நாளில் ஓய்வோ விடுப்போ ஒருவருக்கு மட்டுமே கொடுக்க முடியும். நான்காவது நாளில், அதாவது ஒரு நைட் தொகுதியின் கடைசி நாளில், யாரும் நைட் ஓய்வில் இல்லாததால் மூன்று பேரை விடலாம். வார ஓய்வுகளை அந்த நாள்களில் குவித்துவைத்தால்தான் மற்ற நாள்கள் விடுப்புக்குத் திறக்கும்.

பொங்கலுக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும். சண்டையில்லாமல் எப்படி முடிப்பது?

பண்டிகை விடுப்பை விடுப்பாகக் கொடுக்காமல் நைட் ஓய்வாகக் கொடுப்பது ஒரு வழி. 9 முதல் 12 வரை நைட் பார்ப்பவர் 13 காலை இறங்குவார். 14, 15 ஆஃப். போகியும் பொங்கலும் வீட்டில், ஒரு நாள் லீவுகூடச் செலவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் ஊருக்குப் போக வேண்டியவர் யாரென்று டிசம்பரிலேயே கேட்டு, அவருக்கு அந்த நைட்டைக் கொடுங்கள். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

அந்த வாரம் முழுவதும் இதோ. "மூ" பத்து ஆண்டுக்கு மேற்பட்டவர், "ந" இடை அனுபவம், "பு" புதியவர். கா காலை, ம மதியம், இ இரவு, தூ இறங்கித் தூங்கும் நாள், ஓ ஓய்வு, வி விடுப்பு. ந5 என்பவர் கர்ப்பிணி.

| | 12 தி | 13 செ | 14 பு | 15 வி | 16 வெ | 17 ச | 18 ஞா |
|---|---|---|---|---|---|---|---|
| மூ1 | இ | தூ | ஓ | ஓ | ம | ம | ம |
| மூ2 | கா | கா | கா | கா | ஓ | இ | இ |
| மூ3 | ம | ம | ஓ | கா | கா | கா | கா |
| ந1 | ஓ | இ | இ | இ | இ | தூ | ஓ |
| ந2 | கா | கா | ம | ஓ | கா | ம | ம |
| ந3 | ம | ம | ம | ம | ஓ | கா | கா |
| ந4 | கா | கா | கா | ம | ம | ஓ | வி |
| ந5 | கா | வி | கா | ஓ | கா | கா | கா |
| பு1 | இ | தூ | ஓ | ஓ | ம | ம | ம |
| பு2 | ஓ | இ | இ | இ | இ | தூ | ஓ |
| பு3 | கா | கா | கா | கா | ஓ | இ | இ |
| பு4 | ம | ம | ம | ம | ஓ | கா | கா |

15ஆம் தேதி நான்கு பேர் வீட்டில். 16 மாட்டுப் பொங்கலன்று வேறு நான்கு பேர். மூ3க்குப் போகி, ந4க்கு 17 முதல் புதுமனை முடியும் வரை. ந1, பு2 இருவருக்கும்தான் பண்டிகை முழுக்க நைட். அவர்கள் பெயருக்கு எதிரே பதிவேட்டில் ஒரு குறி ஏறுகிறது; தீபாவளிக்கு முதலில் கேட்கப்படுபவர்கள் அவர்களே. 12, 18 தேதிகளில் காலையில் ஒருவர் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒதுக்கிவைத்த நான்கு நாளில் இரண்டு அங்கே இருக்கிறது.

அனுபவக் கலவை என்றால் ஒவ்வொரு டூட்டியிலும் ஒரு சீனியர் இருந்தால் போதும்தானே?

பணியாண்டு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆபரேஷன் தியேட்டரில் எட்டு ஆண்டு இருந்துவிட்டு போன வாரம் மருத்துவ வார்டுக்கு வந்தவர், தாளில் சீனியர். இந்த வார்டின் கிராஷ் டிராலியில் எந்த அறையில் அட்ரினலின் இருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. குறைந்தது இரண்டு வாரம் அவரைப் புதியவராகவே எண்ணுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ரோஸ்டருக்கு முன் ஒரு திறன் பட்டியல் தயாரிப்பது நல்லது. நம் வார்டுக்கு ஐந்தாறு வரி போதும்: நரம்பில் கான்யுலா போடுவது, ஈ.சி.ஜி. எடுத்து ஆபத்தான தாளத்தை அடையாளம் காண்பது, ரத்தம் ஏற்றுவதைக் கவனிப்பது, உயிர்மீட்பில் தலைமை ஏற்பது, நோயாளி மோசமாவதை உணர்ந்து மருத்துவரை அழைத்துச் சொல்வது. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் "தனியாகச் செய்வார்", "உடன் ஒருவர் வேண்டும்" என்று இரண்டே நிலை. கடைசித் திறனில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கை வேலை மூன்று மாதத்தில் வந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்பலாமா என்ற முடிவு வருவதற்கு நாளாகும்.

இரு புதியவர்களை ஒரே நைட்டில் போடாதீர்கள். மருந்து சரிபார்ப்பும் இதில் அடங்கியிருக்கிறது. இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, ரத்தம் போன்றவற்றை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே ஒப்புக்கொள்ளும் நிலையில் இருவரும் இருந்தால் அங்கே ஒரே ஒரு சரிபார்ப்புத்தான் நடந்திருக்கிறது. இரண்டு சீனியர்களை ஒன்றாகப் போடுவதும் வீண். அடுத்த தொகுதியில் ஆள் இருக்காது.

எல்லோரும் நைட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஞாயிறு மதியம். ரவுண்ட்ஸ் இல்லை, இன்சார்ஜ் இல்லை, பார்வையாளர்கள் நிறைய, மருந்தகம் சீக்கிரம் மூடும். மேலே 18ஆம் தேதி மதியத்தில் மூ1, ந2, பு1 என்று மூன்று நிலையினரும் இருப்பது தற்செயல் அல்ல.

இருபது ஆண்டு சர்வீஸ் உள்ளவர்கள் "எங்களுக்கு நைட் வேண்டாம்" என்கிறார்கள். மரியாதைக்கு விட்டுவிடலாமா?

விட்டால் என்ன ஆகிறது என்று எண்ணிக் காட்டுங்கள். மூவரும் விலகினால் 14 நைட் முறை எட்டுப் பேர் தலையில் விழும். ஆறு பேர் மாதம் இரண்டு முறை ஏற வேண்டும். ஒவ்வொரு நைட்டுக்கும் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்பதால் ஏழு தொகுதிக்கும் இடை அனுபவமுள்ள நால்வர்தான் மாறி மாறி. வேலையை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த நால்வர் வரிசையில் உள்ளவர்களே. அவர்கள் போனால் மூத்தவர்களுக்கே நைட் திரும்பி வரும்.

மருத்துவச் சான்று உள்ளவர் விலக்கு பெறுவது வேறு. அதை ரோஸ்டரில் வெளிப்படையாக எழுதுங்கள், காரணத்தை அல்ல, "நைட் விலக்கு, இந்தத் தேதி வரை" என்று மட்டும். வாய்மொழியில் கொடுத்த விலக்குக்கு முடிவுத் தேதியே இருப்பதில்லை.

கர்ப்பிணியாக இருப்பவர் அடுத்த மாதம் பிரசவ விடுப்பில் போகிறார். பதிலாள் இல்லை. ரோஸ்டரை எப்படிச் சரிக்கட்டுவது?

சரிக்கட்டக் கூடாது. 11 பேர் என்றால் 308 ஆள்-நாள். நைட்டுக்கு 98, ஓய்வுக்கு 30 போக 180. தேவை 192. யாருக்கும் ஒரு நாள்கூட லீவு கொடுக்காவிட்டாலும் 12 நாள் பற்றாக்குறை. இந்த நிலையில் அட்டவணை "முடிந்துவிட்டது" என்றால் யாருடைய ஓய்வோ தின்னப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021 முதல் 12 மாதம். முன்கூட்டியே தெரிந்த இடைவெளி. விடுப்புத் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே மேற்படி நான்கு வரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி சூப்பரின்டென்டன்டிடம் கொடுங்கள். "ஆள் பற்றவில்லை" என்று எழுதினால் எல்லா வார்டிலிருந்தும் வரும் புலம்பலோடு சேர்ந்துவிடும். "மாதம் 12 டூட்டி காலி, தேதிகள் இவை, அல்லது ஆறு படுக்கைகளை மூட அனுமதி" என்று எழுதினால் அவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மதிய டூட்டி முடித்து மறுநாள் காலை டூட்டி வருவதில் என்ன தவறு? எல்லா இடத்திலும் நடப்பதுதானே.

எட்டு மணிக்கு முடிந்து ஏழு மணிக்குத் தொடங்கினால் நடுவில் 11 மணி நேரம். ஹேண்டோவர் நீண்டு, பஸ் பிடித்து, சமைத்து, படுத்து, ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம் தேறினால் அதிகம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியர்களுக்காக வெளியிட்ட 157ஆம் பரிந்துரை, இரு டூட்டிகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்கிறது. அது சட்டமல்ல, பரிந்துரை. ஆனாலும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மதியம், மதியத்திலிருந்து நைட் என முன்னோக்கி நகர்த்தினால் இந்தச் சிக்கல் எழாது. திரும்பிப் போக வேண்டுமானால் நடுவில் ஒரு ஓய்வை வையுங்கள். மேலுள்ள அட்டவணையில் மதியத்துக்கு அடுத்த கட்டம் எங்குமே "கா" இல்லை.

கண்ணால் தேடினால் ஒன்றிரண்டு தப்பும். கணினியில் போடுபவர்கள், பெயர்கள் 4 முதல் 15 வரை வரிசையிலும் நாள்கள் C முதல் I வரையிலும் இருந்தால், இந்த இரண்டைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNTIF(C4:C15,"இ")
=SUMPRODUCT((C4:H15="ம")*(D4:I15="கா"))
```

முதலாவது அந்த நாள் நைட்டில் எத்தனை பேர் என்று காட்டும். 2 வர வேண்டும். இரண்டாவது 0 வர வேண்டும். எட்டிப் பார்க்க மறக்கும் இடம், பழைய ரோஸ்டரின் கடைசி நாளும் புதியதன் முதல் நாளும் சேரும் மூட்டு. பிப்ரவரி 1 இரவு நைட்டில் இருப்பவருக்கு 2ஆம் தேதி "தூ", 3, 4 ஓய்வு. புதிய தாளில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இவை.

இந்த மாதம் மூன்று பேருக்கு இரண்டு நைட் முறை என்கிறீர்கள். அது எப்படி நியாயம்?

ஒரு மாதத்துக்குள் நியாயம் கிடைக்காது; 14ஐ 11ஆல் வகுத்தால் மீதி வரும். அதனால்தான் ரோஸ்டரோடு ஒரு பதிவேடு ஓட வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கு எண்: நைட் முறை, வேலை செய்த ஞாயிறு, வேலை செய்த பண்டிகை, மதிய டூட்டி. மதிய டூட்டியைச் சேர்த்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளை உள்ளவர்களைக் கேளுங்கள். நைட்டைவிட மதியத்தைத்தான் அதிகம் வெறுப்பார்கள். மேலே ந3க்கும் பு4க்கும் அந்த வாரம் நான்கு மதியம். அடுத்த வாரம் அவர்களுக்குக் காலை.

மூன்று மாதத்தில் 42 நைட் முறை. 11 பேருக்குப் பங்கிட்டால் ஒன்பது பேருக்கு நான்கு, இரண்டு பேருக்கு மூன்று. இந்த அளவுக்கு நெருங்கினால் போதும். பதிவேடு அறிவிப்புப் பலகையில் ரோஸ்டருக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். இன்சார்ஜின் மேசை அறைக்குள் பூட்டிவைத்த நியாயத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

ரோஸ்டர் ஒட்டிய பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள், மூன்று கட்டுப்பாட்டோடு. இருவரும் ஒரே திறன் நிலையில் இருக்க வேண்டும், அல்லது மாற்றத்துக்குப் பின்னும் அந்த டூட்டியில் முடிவெடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓய்வு விதி உடையக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டு இன்சார்ஜ் ஒப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி அக்கா" என்பது கையெழுத்தாகாது. அன்று ஆள் வராவிட்டால் ரோஸ்டரில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

ஒரே புதியவரிடமிருந்து ஒரே மூத்தவர் தொடர்ந்து ஞாயிறுகளை வாங்கிக்கொண்டிருந்தால் அது மாற்றம் அல்ல. மாற்றங்களையும் பதிவேட்டில் ஏற்றினால் இது இரண்டாம் மாதமே கண்ணில் படும்.

காலை ஆறு மணிக்கு ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்கிறார். என்ன வரிசையில் யோசிப்பது?

அன்று காலைக்குக் கூடுதல் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படுக்கை நிலவரம். 22 நோயாளிகள், யாரும் மோசமில்லை என்றால் மூவரைக் கொண்டே நடத்தி, இன்சார்ஜ் ஒரு பக்கத்தை ஏற்கலாம். முடியாதென்றால் மேற்பார்வையாளரிடம் வேறு வார்டிலிருந்து ஆள் கேளுங்கள். வருபவருக்கு நிலையான நோயாளிகளைக் கொடுங்கள், கிராஷ் டிராலிப் பக்கத்தை அல்ல. அதுவும் கிடைக்காதபோதுதான் அன்று ஓய்வில் இருப்பவரை அழைப்பது. ஒப்புக்கொண்டு வந்தால் மாற்று ஓய்வின் தேதியை அப்போதே எழுதுங்கள்.

நைட் முடித்துக் கிளம்புபவரை "இன்னும் ரெண்டு மணி நேரம் இரம்மா" என்று நிறுத்துவது இந்த வரிசையில் எங்குமே இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவர் அவர் என்பதால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள். பதின்மூன்றாவது மணி நேரத்தில் அவர் ஏற்றும் ஊசிக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அசைன்மென்டில் என்னென்ன இணைக்க வேண்டும்?

ஆள்-நாள் கணக்கு ஒரு பக்கம், நான்கு வார அட்டவணை, திறன் பட்டியல், பதிவேட்டின் தொடக்க எண்களும் முடிவு எண்களும், மறுத்த விடுப்புகளும் அவற்றுக்குச் சொன்ன மாற்றுத் தேதியும். கடைசியில் உள்ளதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். அட்டவணையில் பெயர்களுக்குப் பதில் மூ1, ந2 என்று எழுதுங்கள். உண்மையான வார்டின் உண்மையான மருத்துவ விலக்குகள் உங்கள் கல்லூரிக் கோப்பில் இருக்க வேண்டியதில்லை.